2⅓ முட்டையா, இரண்டா: ரவுண்டு செய்வதா, அளந்து ஊற்றுவதா?

7 முட்டை கேக்கை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தால் 2⅓ முட்டை வரும். வழி இரண்டு: இரண்டோடு நிறுத்துவது, அல்லது மூன்றாவதை உடைத்து அடித்து, வேண்டியதை மட்டும் எடுப்பது.

ஓடு நீக்கிய பெரிய முட்டை சுமார் 50 கிராம். நமக்கு வேண்டியது 117. இரண்டு போட்டால் 17 குறையும். அது ஏறக்குறைய ஒரு மேசைக்கரண்டி. பால் ஊற்றி ஈரத்தைச் சரிக்கட்டலாம், ஆனால் கேக்கைப் பிடித்து நிறுத்தும் புரதம் அதில் அவ்வளவு இல்லை. பான்கேக்குக்கு இது போதும். முட்டையால் மட்டுமே எழும்பும் ஸ்பாஞ்சுக்கு நான் இதைச் செய்யமாட்டேன்.

அளக்கும்போது முக்கியம், வெள்ளையும் மஞ்சளும் நன்றாகக் கலப்பது. முள்கரண்டியால் நுரை எழாமல் அடியுங்கள். கரண்டியைத் தூக்கினால் வெள்ளை இழையாகத் தொங்கக் கூடாது. தொங்கினால் ஊற்றும்போது வெள்ளை மொத்தமாக வழுக்கி விழும், அளவு கெடும். மீதியை மூடி ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் ஆம்லெட்டில் சேர்த்துவிடலாம்.

⅕ டீஸ்பூன், அதாவது 1 மில்லி, வந்தால் என் தீர்ப்பு மாறும். உப்போ ஏலக்காயோ என்றால் கால் டீஸ்பூனைச் சற்றுக் குறைத்துப் போட்டால் போதும். சமையல் சோடாவில் முழுக் கால் டீஸ்பூன் என்பது 25% கூடுதல், சோப்பு வாடை வரலாம். ஒரு டீஸ்பூனைத் தலைதட்டி, காகிதத்தில் நீளமாகப் பரப்பி, கத்தியால் ஐந்தாகப் பிரித்து ஒரு பங்கை எடுங்கள். சாதாரண சமையலறைத் தராசு 1 கிராமைச் சரியாகக் காட்டாது.