மாதம் 18,000 ரூபாய் என்று மட்டும் பேசி வேலை எடுக்காதீர்கள்

கோவையில் ஒரு ஜவுளிக் கடையின் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் பக்கங்களை ஏழு மாதம் பார்த்துக்கொண்டேன். கிளம்பும்போது அவர்கள் தர வேண்டியிருந்தது 29,800 ரூபாய். இன்னும் வரவில்லை.

மாதம் 12 போஸ்டர், 4 ரீல்ஸ், 18,000 ரூபாய் என்று வாய்வார்த்தையாகப் பேசி முடித்தோம். திட்டமிடல், ரிப்போர்ட் எல்லாம் சேர்த்து 40 மணி நேரம் ஆகும், மணிக்கு 450 ரூபாய் கட்டுப்படியாகும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

முதல் மாதம் சரி. அப்புறம், "இதென்ன கண்ணு, அஞ்சு நிமிச வேலைதானே" என்று ஓனர் ஆரம்பித்தார். இன்பாக்ஸில் விலை கேட்பவர்களுக்குப் பதில் போடும் வேலை என் தலையில் வந்து விழுந்தது. 4 ரீல்ஸ் 8 ஆனது. ஓனர் சரி என்ற போஸ்டரை அவர் மகன் மாற்றச் சொல்வார், மகன் சரி என்றதை மேனேஜர் மாற்றச் சொல்வார். சந்தேகம் வந்து மூன்றாம் மாதம் நேரத்தைக் குறித்து வைத்தேன். பதில் போட 20 மணி, கூடுதல் ரீல்ஸுக்கு 16, திருத்தங்களுக்கு 16. ஆக மொத்தம் 92 மணி நேரம். மணிக்கு 200 ரூபாய்கூடத் தேறவில்லை. அன்றைக்கே பேசியிருக்க வேண்டும். தீபாவளி முடியட்டும் என்று இருந்துவிட்டேன், அது என் தப்பு.

தீபாவளிக்குத் தனி ஷூட், தனி விளம்பரம். அதற்குத் தனித்தொகை கேட்டதற்கு, "மாசக் கணக்குலயே வந்துடும்ல" என்றார். விளம்பரத்தையும் என் கார்டிலேயே ஓட்டச் சொன்னார். 10,000 ரூபாய்க்கு ஓட்டினேன், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து பில் 11,800. "பத்தாயிரம்தானே சொன்னோம்" என்று வாக்குவாதம். கடைசியில் அதுவும் தரவில்லை, அந்த மாதச் சம்பளமும் தரவில்லை. ஒருநாள் காலையில் பார்த்தால் பக்கத்தின் அட்மின் பட்டியலில் என் பெயரே இல்லை.

இப்போது மாதத் தொகையை 5ஆம் தேதிக்குள் முன்பணமாக வாங்குகிறேன். வராவிட்டால் அந்த மாதப் பதிவுகள் போகாது. விளம்பரம் அவர்கள் கார்டில்தான். ஒரு டிசைனுக்கு இரண்டு திருத்தம், அதையும் ஒருவரே சேர்த்துச் சொல்ல வேண்டும். மூன்றாவதுக்கு 300 ரூபாய். பண்டிகை, திறப்பு விழா என்றால் தனித்தொகை, பாதி முன்பணம். இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி, எவையெல்லாம் சேராது என்பதையும் போட்டு அனுப்பி, "சம்மதம்" என்று பதில் வந்த பிறகே வேலை தொடங்குகிறேன்.

போன வாரம் ஒரு பேக்கரிக்காரர் வந்தார். இன்பாக்ஸுக்குப் பதில் போட மாதம் 5,000 தனி என்றேன். கொஞ்சம் யோசித்தவர், "அதை நம்ம கடைப் பையனே பார்த்துக்குவானுங்க" என்றார்.