கண்ணில் ஒட்டிய வெள்ளைப் புள்ளி: போர்ட்ரெய்ட் படத்துக்குப் பணம் கொடுக்கும் முன் பெரிதாக்கிப் பாருங்கள்

அப்பா அம்மாவை ஒரு நல்ல போர்ட்ரெய்ட் எடுத்து வைக்க வேண்டும் என்று ஒரு ஸ்டூடியோவில் முழுப் பணமும் கட்டினேன். வந்த படங்களில் இருவர் கண்ணிலும் உயிர் இல்லை. கேட்டதும் "சரி பண்ணித் தர்றேன் சார்" என்றார் புகைப்படக்காரர். மறுபடி வந்த படங்களில் ஒவ்வொரு கண்ணிலும் பளிச்சென்று ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. அது வெளிச்சம் விழுந்து உண்டான புள்ளி இல்லை. கம்ப்யூட்டரில் பிரஷ்ஷால் வைத்தது. இதே வேலையை இன்னும் பலருக்குச் செய்து காசு வாங்குவார்கள் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். ஸ்டூடியோவின் பெயர் வேண்டாம். எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் முக்கியம்.

கண்ணில் தெரியும் அந்தச் சின்ன ஒளியை கேட்ச்லைட் என்பார்கள். கருவிழிக்கு முன்னால் இருக்கும் கார்னியா என்ற தெளிவான படலம் சிறிய குவியாடி போல வேலை செய்கிறது. எதிரே இருக்கும் விளக்கோ ஜன்னலோ அதில் சின்னதாகப் பிரதிபலிப்பதுதான் கேட்ச்லைட். கார்னியா தன்மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. ஆனால் பின்னால் இருக்கும் கருவிழி இருட்டாக இருப்பதால் அந்தக் கொஞ்சமே பளிச்சென்று தெரிகிறது. அடர்ந்த பழுப்புக் கண்களுக்கு இது இன்னும் அவசியம். அவற்றில் கருவிழிக்கும் நடுவிலிருக்கும் பாப்பாவுக்கும் படத்தில் வித்தியாசமே தெரியாமல் போய்விடும். கேட்ச்லைட் இல்லையென்றால் முகத்தில் இரண்டு கறுப்பு ஓட்டைகள் போல நிற்கும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அந்த மாதிரிக் கண்தான்.

முதலில் வந்த படங்களில் கண் ஏன் செத்துக் கிடந்தது என்பதற்குப் படத்திலேயே சாட்சி இருந்தது. அப்பாவின் மூக்கு நிழல் கீழ்நோக்கி மேலுதட்டின் மேல் விழுந்திருந்தது. புருவத்துக்குக் கீழே கண்குழி முழுக்க இருட்டு. வெளிச்சம் தலைக்கு மேலிருந்து வந்தால்தான் இப்படி ஆகும். அப்பாவிடம் கேட்டேன். "விளக்கு நேரா தலைக்கு மேலதாம்பா தொங்குச்சு, பெரிய சதுரப் பெட்டி மாதிரி, வெள்ளைத் துணி போட்டு" என்றார். சாஃப்ட்பாக்ஸ்தான். நல்ல விளக்கு, ஆனால் இருந்த இடம் தப்பு. அவ்வளவு உயரத்திலிருந்து வரும் வெளிச்சத்தைப் புருவ எலும்பும் மேலிமையும் மறித்துவிடும், கார்னியாவை அது எட்டவே எட்டாது. வயதானவர்களுக்கு மேலிமை கொஞ்சம் தொங்கியிருக்கும் என்பதால் இளையவர்களுக்கு ஒத்துவரும் உயரம்கூட இவர்களுக்கு ஒத்துவராது. இது ஒவ்வொரு போர்ட்ரெய்ட்காரரும் விளக்கை மாட்டும்போதே கவனிக்க வேண்டிய விஷயம். ஒரு தடவை கேமரா திரையில் கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தால் அந்த நிமிடமே தெரிந்திருக்கும்.

இனி அந்த "சரி பண்ணிய" படங்களுக்கு வருகிறேன். அவற்றை நூறு சதவீத அளவில் திறந்து கண்ணை மட்டும் பார்த்தேன். ஒன்றன்பின் ஒன்றாகப் பொய் வெளியே வந்தது.

முதலாவது, அளவு. கார்னியாவின் வளைவு ஆரம் கிட்டத்தட்ட 7.8 மில்லிமீட்டர். குவியாடியில் விளக்கின் பிம்பம் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று தெரிய, அந்த ஆரத்தில் பாதியை, அதாவது 3.9-ஐ, விளக்கின் அகலத்தால் பெருக்கி, விளக்குக்கும் கண்ணுக்கும் உள்ள தூரத்தால் வகுத்தால் போதும். 90 சென்டிமீட்டர் சாஃப்ட்பாக்ஸ் 1.7 மீட்டர் தூரத்தில் இருந்தால் கண்ணில் அதன் பிம்பம் சுமார் 2 மில்லிமீட்டர். கருவிழியின் அகலம் சுமார் 12 மில்லிமீட்டர், ஆக ஆறில் ஒரு பங்கு. அம்மாவின் படத்தில் கருவிழி ஏறக்குறைய 120 பிக்சல் அகலம் இருந்தது. அப்படியானால் கேட்ச்லைட் சுமார் 20 பிக்சல் அகலத்தில் நின்றிருக்க வேண்டும். அங்கே இருந்தது 40 பிக்சல். அதுவும் காம்பஸ் வைத்து வரைந்த வட்டம். விளக்கோ சதுரப் பெட்டி. சதுர விளக்கு கண்ணிலும் சதுரமாகத்தான் தெரியும், ஓரம் லேசாக வளைந்திருக்கும், அவ்வளவே. ஜன்னல் என்றால் அதன் சட்டம்கூடக் குறுக்குக் கோடாகத் தெரியும்.

இரண்டாவது, இடம். மூக்கு நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்தில்தான் கேட்ச்லைட் இருக்கும். வெளிச்சம் படத்தின் இடப்புறம் மேலிருந்து வந்தால், கண்ணைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டால், பத்து மணி இடத்தில் புள்ளி நிற்கும். இரண்டு கண்ணிலும் ஏறத்தாழ அதே மணியில் நிற்கும். அப்பாவின் படத்தில் மூக்கு நிழல் சற்று வலப்புறம் சாய்ந்திருக்க, புள்ளிகளோ இரண்டு கண்ணிலும் ஒரு மணி இடத்தில் இருந்தன. வெளிச்சம் ஒரு பக்கம், கண் பார்த்த வெளிச்சம் இன்னொரு பக்கம்! பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் படம் என்னவோ போல இருக்கும். அம்மா சொன்னதும் அதுதான்: "நான்தான், ஆனா நான் மாதிரி இல்லையே."

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் கோபம் வரவைத்தது. ஒரு படத்தில் அம்மா திரும்பி அப்பாவைப் பார்க்கிறார், பார்வை படத்தின் வலப்புறம் போகிறது. கண் திரும்பும்போது கருவிழி எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவு கேட்ச்லைட் நகராது. பாதி தூரம் போல நகர்ந்து பின்தங்கிவிடும். ஆகவே பார்வை வலப்பக்கம் போனால் புள்ளி கருவிழியின் இட ஓரத்தை நோக்கித் தள்ளித் தெரியும். இந்தப் படத்திலோ, கேமராவைப் பார்க்கும் படத்தில் இருந்த அதே இடத்தில், அதே அளவில், அதே புள்ளி. ஒரே புள்ளியை நகலெடுத்து எல்லாப் படத்திலும் எல்லாக் கண்ணிலும் ஒட்டியிருக்கிறார். இரண்டு மூன்று படங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் யார் கண்ணுக்கும் இது தப்பாது.

இன்னொரு நுட்பமான அடையாளமும் உண்டு. உண்மையான கேட்ச்லைட் பத்து மணியில் இருந்தால், அதற்கு எதிரே நான்கு மணிப் பக்கம் கருவிழியின் நிறம் லேசாக ஒளிர்ந்திருக்கும். கார்னியா வழியாக உள்ளே போகும் வெளிச்சம் எதிர்ப்பக்கத்தில் போய்ச் சேர்வதால் அப்படி ஆகிறது. பழுப்புக் கண்ணில் தேன் நிறம் எட்டிப் பார்ப்பது அங்கேதான். மிகக் கறுத்த கண்களில் இது குறைவாகவே தெரியும், அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லிவிட முடியாது. ஒட்டிய புள்ளிக்கு எதிரே மட்டும் எந்த மாற்றமும் இருக்காது. இமை முடிகள் புள்ளியின் மேல் குறுக்கே வராமல் புள்ளிக்கு அடியில் போனால் சந்தேகமே வேண்டாம். அப்பாவின் வலக்கண்ணில் அப்படித்தான் போயின.

எடிட்டிங்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. கண்ணில் ஏற்கனவே விழுந்திருக்கும் மங்கலான கேட்ச்லைட்டைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுவது நியாயமான வேலை. அதன் இடம், வடிவம், அளவு எல்லாம் உண்மையான வெளிச்சம் கொடுத்தவை. இல்லாததை வரைந்துவிட்டு "ஸ்டூடியோ லைட்டிங்" என்று அதற்கும் சேர்த்துக் காசு வாங்குவதைத்தான் மோசடி என்கிறேன்.

மூலக் கோப்புகளைக் கேட்டேன். கொடுக்கும் வழக்கமில்லை என்றார். மூக்கு நிழலையும் புள்ளியையும் கோடு போட்டுக் காட்டிய படத்தை அனுப்பிய பிறகு கொடுத்தார். எதிர்பார்த்தபடியே எந்தக் கண்ணிலும் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. "புள்ளியைச் சின்னதாக்கித் தரட்டுமா சார்?" என்று கேட்டார். மறுபடி எடுத்துத் தரச் சொன்னேன், முடியாது என்றுவிட்டார். கட்டணத்தில் ஒரு பகுதி மட்டும் திரும்பி வந்தது.

பிறகு வீட்டு ஜன்னலருகே அவர்களை உட்கார வைத்து நானே எடுத்தேன். ஸ்டூடியோவில் அவர் செய்திருக்க வேண்டியதும் இதே கணக்குதான். உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். விளக்கு முகத்துக்கு முன்னால் 1.5 மீட்டர் தள்ளி, சற்று ஒரு பக்கமாக, அதன் நடுப்பகுதி 2 மீட்டர் உயரத்தில் இருந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட 28 பாகை மேலிருந்து வரும். அது கருவிழியின் மேல்பாதியில் தெளிவாக விழும். இளையவர்களுக்கு 45 பாகை வரை தாங்கும், கண் குழிந்தவர்களுக்கும் இமை தொங்கியவர்களுக்கும் 30-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. விளக்கை இறக்க முடியாத இடமென்றால் மார்புக்குக் கீழே ஒரு வெள்ளை ரிஃப்ளெக்டரைப் பிடித்தால் கண்ணின் கீழ்ப்பாதியில் மெல்லிய ஒளிப்பிறை வரும், கண்குழி இருட்டும் குறையும். முகவாயைக் கொஞ்சம் தூக்கச் சொன்னாலே சில முகங்களில் போதும். வெளியில் உச்சி வெயிலில் என்றால் நிழலின் ஓரத்தில், திறந்த வானத்தைப் பார்க்கும்படி நிறுத்தினால் வானமே கண்ணில் விழும்.

அம்மாவின் முகத்தை ஜன்னல் பக்கம் இன்னும் சற்றுத் திருப்பியதும் புள்ளி வந்துவிட்டது. அப்பாவுக்குக் கண்ணாடியின் பிரதிபலிப்பு கேட்ச்லைட்டை மறைத்தது. கண்ணாடிக் காம்பைக் காதுக்கு மேல் கொஞ்சம் உயர்த்தியதும் லென்ஸ் கீழ்நோக்கிச் சாய்ந்து அது விலகியது.

ஸ்டூடியோவுக்குப் போகிறவர்கள் முதல் சில படங்கள் எடுத்ததும் நிறுத்தச் சொல்லி, கேமரா திரையில் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லுங்கள். புள்ளி இல்லையென்றால் விளக்கை இறக்கச் சொல்லுங்கள். "அதெல்லாம் எடிட்டிங்கில் பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். பேசும்போதே எடிட் செய்யாத மூலப் படங்களையும் பார்க்கத் தர வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். என்னிடம் அது எழுத்தில் இருந்திருந்தால் மூலக் கோப்புக்காக அவ்வளவு நாள் இழுத்தடித்திருக்க முடியாது.