0–10 வோல்ட்டா, 4–20 மில்லி ஆம்பியரா: 300 மீட்டர் கேபிளில் ஓர் ஒப்பீடு

ஒரு தொட்டியின் அழுத்தத்தை 0 முதல் 10 பார் வரை அளக்கும் சென்சார், இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கணினியான பிஎல்சி இருக்கும் பேனலிலிருந்து 300 மீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கேபிள் 0.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. அதன் மின்தடை கிலோமீட்டருக்குச் சுமார் 36 ஓம் என்பதால், ஒரு கம்பிக்கு 11 ஓம், போக வர 22 ஓம் ஆகிறது. இதே கேபிளில், அளவை 0–10 வோல்ட் மின்னழுத்தமாக அனுப்பும் சென்சாரையும் 4–20 மில்லி ஆம்பியர் மின்னோட்டமாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டரையும் மாற்றி மாற்றி இணைத்தால் என்ன ஆகும்?

மின்னழுத்த சிக்னல் நீளமான கம்பியில் தேய்ந்துவிடும் என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அது முழு உண்மையல்ல. பிஎல்சி உள்ளீட்டின் தடை 1 லட்சம் ஓம் என்றால், 22 ஓம் கம்பியால் வரும் இழப்பு 0.02 சதவீதம்தான், அதை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். உண்மையான சிக்கல் மூன்று கம்பிச் சென்சாரில், சப்ளை திரும்பும் கம்பியும் சிக்னல் திரும்பும் கம்பியும் ஒன்றாக இருப்பதில்தான் உள்ளது. சென்சார் தன் இயக்கத்துக்கு 20 மில்லி ஆம்பியர் எடுத்தால், அது அந்தப் பொதுக் கம்பியின் 11 ஓம் வழியே திரும்பும்போது 0.22 வோல்ட் உருவாகி, சிக்னலுடன் சேர்ந்துவிடும். தொட்டியில் அழுத்தமே இல்லாதபோதும் திரை 0.22 பார் காட்டும். பூச்சியத்தைத் திருத்தி இதை மறைக்கலாம். ஆனால் ஒரு டெர்மினல் திருகு தளர்ந்தாலோ அரித்தாலோ தடை மாறி, பிழை திரும்ப வந்துவிடும். சிக்னலுக்குத் தனியாக ஒரு திரும்பும் கம்பி இழுப்பதே சரியான பரிகாரம்.

இரண்டு கம்பி 4–20 மில்லி ஆம்பியர் முறையில் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை, ஏனெனில் டிரான்ஸ்மிட்டரை இயக்கும் மின்னோட்டமும் அளவைச் சொல்லும் மின்னோட்டமும் ஒன்றே. 24 வோல்ட் சப்ளை, டிரான்ஸ்மிட்டர், கம்பி, பிஎல்சியின் 250 ஓம் தடை ஆகிய எல்லாம் ஒரே தொடரில், ஒரு மூடிய கண்ணியாக இருக்கின்றன. முழு அழுத்தத்தில் 20 மில்லி ஆம்பியர் ஓடும்போது 250 ஓமில் 5 வோல்ட்டும் கம்பியில் 0.44 வோல்ட்டும் விழ, மீதி 18.56 வோல்ட் டிரான்ஸ்மிட்டருக்குக் கிடைக்கிறது. கம்பியின் தடை இரட்டித்தால் டிரான்ஸ்மிட்டருக்குக் கிடைப்பது 0.44 வோல்ட் குறையுமே தவிர, அது மின்னோட்டத்தை அதே 20-இல் பிடித்து வைத்திருக்கும். பிஎல்சி காணும் 5 வோல்ட் அசையாது.

இரைச்சலைத் தடுப்பதும் இதே குணம்தான். பக்கத்தில் போகும் மோட்டார் கேபிளின் காந்தப்புலம் நம் கம்பியில் 50 மில்லி வோல்ட்டைத் தூண்டினால், மின்னழுத்த முறையில் அது ஏறத்தாழ முழுவதும் பிஎல்சி உள்ளீட்டில் வந்து நிற்கும்; 10 வோல்ட்டில் அது 0.5 சதவீதம். மின்னோட்ட முறையில், அந்த இரைச்சலுக்கு டிரான்ஸ்மிட்டர் 10 லட்சம் ஓம் தடைபோலத் தோன்றினால், அதனால் ஓடுவது 0.05 மைக்ரோ ஆம்பியர் மட்டுமே. ஆனால் அதிர்வெண் ஏற ஏற டிரான்ஸ்மிட்டரின் இந்த எதிர்ப்பு குறையும் என்பதால், மோட்டார் டிரைவ்களுக்கு அருகே முறுக்கிய இணைக் கம்பியும் ஷீல்டும் தவிர்க்க முடியாதவை.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. டிரான்ஸ்மிட்டருக்குக் குறைந்தது 12 வோல்ட் தேவையென்றால், மற்ற தடைகளுக்கு மிஞ்சுவது 12 வோல்ட், அதை 0.02 ஆம்பியரால் வகுத்தால் 600 ஓம். நம் கண்ணியில் 272 ஓம்தான் இருப்பதால் கவலையில்லை. ஆனால் அதே கண்ணியில் ஒரு காட்சிக் கருவியும் ஒரு ரெக்கார்டரும் சேர்ந்து தடை 800 ஓம் ஆகிவிட்டால், மின்னோட்டம் 15 மில்லி ஆம்பியரோடு நின்றுவிடலாம். கீழ் அளவுகள் சரியாக இருந்து, சுமார் 6.9 பாருக்கு மேல் அளவு ஏறாமல் உறைந்து நின்றால், டிரான்ஸ்மிட்டர் முனைகளில் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள்.

கம்பி அறுந்தால் மின்னழுத்த முறையின் 0 வோல்ட் காலித் தொட்டியா, அறுந்த கம்பியா என்று தெரியாது. கண்ணியிலோ காலித் தொட்டிக்கே 4 மில்லி ஆம்பியர் ஓடும் என்பதால், அதற்குக் கீழே 0 வரை விழும் மின்னோட்டமே அதைச் சொல்லிவிடும். வேகமான சிக்னலுக்கோ, பேனலுக்குள்ளேயே முடியும் சிறு தூரத்துக்கோ மின்னழுத்த முறையே எளிது.

மின்னோட்டக் கண்ணியை உண்மையில் ஏமாற்றுவது ஈரம். ஜங்ஷன் பாக்ஸில் நீர் புகுந்து இரண்டு கம்பிகளுக்கும் இடையே 1 லட்சம் ஓம் கசிவு ஏற்பட்டால், 4 மில்லி ஆம்பியர் நிலையில் 0.23 மில்லி ஆம்பியர் டிரான்ஸ்மிட்டரைச் சுற்றிப்போகும். 16 மில்லி ஆம்பியர் வீச்சில் அது 1.4 சதவீதம், அதாவது 0.14 பார் கூடுதலாகத் தெரியும். டிரான்ஸ்மிட்டர் முனையில் ஒரு கம்பியைக் கழற்றிவிட்டுப் பேனலில் மல்டிமீட்டரைத் தொடரில் வையுங்கள். அப்போது 0 வர வேண்டும், 0.2 மில்லி ஆம்பியர் வந்தால் பழுது கருவியில் இல்லை, கேபிள் வழியில் இருக்கிறது.