முந்நூற்றுப் பத்துக் கேள்விகளும் ஒரு பச்சைக் கோடும்

ஜெர்மானியக் குடியுரிமைத் தேர்வுக்கான கட்டணச் செயலி ஒன்றின் விலையைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள் என்றும், மியூனிக்கில் வேலை பார்க்கும் தம்பிக்கு அதை வாங்கச் சொல்லலாமா என்றும் ஓசூர் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். நீண்ட விடுப்பில் கிருஷ்ணகிரியில் பெற்றோருடன் தங்கியிருந்த வாரங்களில் அதே செயலியைத்தான் நாளுக்குக் கால் மணி நேரம், அரை மணி நேரம் என்று பயன்படுத்திப் படித்தேன். ஸ்டுட்கார்ட் திரும்பித் தேர்வெழுதித் தேர்ச்சியும் பெற்றுவிட்டேன். ஆனாலும் அந்தச் செயலியின் மேல் எனக்கிருக்கும் கோபம் இன்னும் தணியவில்லை.

தேர்வின் அமைப்பு நண்பரின் தம்பிக்குத் தெரிந்தே இருக்கும். நாடு முழுமைக்கும் பொதுவான 300 கேள்விகள், வசிக்கும் மாநிலத்திற்கென்று 10 கேள்விகள், ஆக 310. இவற்றிலிருந்து 30 பொதுக் கேள்விகளும் 3 மாநிலக் கேள்விகளும் வரும். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள் தரப்பட்டிருக்கும். ஒரு மணி நேரத்திற்குள் 17 சரியாக இருந்தால் போதும். கேள்விகள் அத்தனையையும் அரசு அலுவலகமே இணையத்தில் இலவசமாக வெளியிட்டிருக்கிறது. ஆகவே காசு கொடுத்து வாங்கும் செயலி கேள்விகளைத் தருவதற்காக அல்ல, நாம் எதைக் கற்றோம், எதைக் கற்கவில்லை என்று கணக்கு வைப்பதற்காகத்தான். அந்தக் கணக்கைத்தான் இது சரியாக வைப்பதில்லை.

திரையின் மேற்புறத்தில் ஒரு பச்சைக் கோடு இருக்கிறது. ஒரு கேள்விக்கு ஒரே ஒரு முறை சரியான விடையைத் தொட்டுவிட்டால் அது "கற்றது" என்னும் பட்டியலுக்குப் போய்விடும். கோடும் சற்று நீளும். நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் நான்கில் ஒரு முறை சரியாக அமைந்துவிடும். அப்படியானால், அறவே தெரியாத 40 கேள்விகளில் ஏறத்தாழ 10 கேள்விகள் முதல் சுற்றிலேயே "கற்றவை" ஆகிவிடுகின்றன. அவற்றைச் செயலி அன்றாடப் பயிற்சியில் மறுபடி காட்டுவதில்லை. மிச்சத்தை அடுத்த சுற்றில் ஊகித்தால் அவற்றிலும் ஒரு பங்கு அதே வழியில் மறைந்துவிடும். இப்படியே போனால் கோடு முழுவதும் பச்சையாகிவிடும், தலையில் ஒன்றும் ஏறியிருக்காது. மாதிரித் தேர்வில் இது வெளிப்பட வேண்டும், ஆனால் வெளிப்படுவதில்லை. தேர்ச்சிக்கு 17 போதும் என்பதால், 22 எடுத்தவரையும் செயலி வாழ்த்தி அனுப்பிவிடுகிறது. கோடு நிறைந்த பிறகும் மாதிரித் தேர்வில் பதினொரு கேள்விகள் தவறுகின்றன என்றால், பழுது படிப்பவரிடம் இல்லை, கோட்டில் இருக்கிறது. இந்தக் குறையால் யாரும் தேர்வில் தோற்கப் போவதில்லை என்பதையும் நியாயமாகச் சொல்லியாக வேண்டும். தேர்ச்சி மதிப்பெண் அவ்வளவு தாழ்வானது. எனினும் காசு வாங்கிக்கொண்டு பொய்க்கணக்கு எழுதுவதை என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை.

எனவே கோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு, நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கேள்வி எண்களை எழுதிக்கொண்டேன். விடைகள் நான்கையும் கையால் மறைத்துவிட்டுக் கேள்வியை மட்டும் படித்து, விடையை வாய்விட்டுத் தமிழில் சொன்ன பிறகே கையை எடுப்பேன். சொன்னது சரியாக இருந்தால் பென்சிலால் ஒரு கோடு. வெவ்வேறு நாட்களில் மூன்று கோடுகள் விழுந்த பிறகே அந்த எண்ணை அடிப்பேன். இந்த முறை எதிர்மறைக் கேள்விகளுக்குச் செல்லாது. "நம் மக்களாட்சியின் இயல்பு அல்லாதது எது?" என்று ஒரு கேள்வி இருக்கிறது. குறித்த காலத்தில் நடக்கும் தேர்தல், பத்திரிகைத் தணிக்கை, கருத்துரிமை, பல கட்சிகள் என்பவை அதற்குத் தரப்பட்ட விடைகள். விடைகளை மறைத்துவிட்டால் இதற்குப் பதில் சொல்லவே முடியாது. மறைக்காமல் அவசரமாகப் படித்தாலோ கண் முதலில் தேர்தலில் போய் நிற்கும், விரலும் அதையே தொட்டுவிடும். இத்தகைய கேள்விகளில் நான்கு விடைகளுக்கும் தனித்தனியே "உண்டு", "இல்லை" என்று சொல்லிப் பார்த்து, "இல்லை" என்று வந்த தணிக்கையைத் தேர்ந்தெடுப்பதுதான் பிழையில்லாத வழி.

எதிர்பாராத மகிழ்ச்சி அப்பாவால் கிடைத்தது. அவர் ஓய்வுபெற்ற சமூக அறிவியல் ஆசிரியர். இரவு உணவுக்குப் பின் திண்ணையில் உட்கார்ந்து நான் தமிழில் விடை சொல்ல, அவர் கேட்டுக்கொண்டிருப்பார். "புண்டெஸ்ராட் யாரால் ஆனது?" என்ற கேள்வி வந்தபோது, "நம்ம ராஜ்யசபா மாதிரிதானேடா?" என்றார். இந்தியாவில் படித்தவர்கள் வழுக்கும் இடம் சரியாக இதுதான். மாநிலங்களவை உறுப்பினர்களைச் சட்டமன்ற உறுப்பினர்கள் ஆறாண்டுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரே மாநிலத்திலிருந்து போனவர்களும் கட்சிக்கேற்ப எதிரெதிராக வாக்களிக்கலாம். புண்டெஸ்ராட்டில் உட்காருபவர்கள் மாநில அரசுகளின் பிரதிநிதிகளே, அதாவது முதலமைச்சரும் அமைச்சர்களும். ஒரு மாநிலத்தின் வாக்குகள் அனைத்தும் ஒரே பக்கம்தான் விழ வேண்டும், பிரிந்தால் செல்லாது. மாநிலத்திற்கு மூன்று முதல் ஆறு வரை, மொத்தம் 69 வாக்குகள். தமிழ்நாட்டுக்கு 18 இடங்களும் சிக்கிமுக்கு ஒன்றும் உள்ள அவையைப் பார்த்துப் பழகிய அப்பாவுக்கு, மிகப் பெரிய மாநிலத்திற்கும் ஆறுதான் என்பது நம்ப முடியாததாக இருந்தது. அன்று அரை மணி நேரம் அந்த ஒரே கேள்வியில் போயிற்று, ஆனால் அதன் பிறகு அது எனக்கு மறக்கவேயில்லை.

அதே வழுக்கல் தலைமை அமைச்சர் பற்றிய கேள்வியிலும் உண்டு. இங்கே பிரதமரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார்; அங்கே சான்சலரை நாடாளுமன்றமான புண்டெஸ்டாக் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறது, அதற்குப் பிறகே குடியரசுத் தலைவரின் நியமனம். நம் பாடப்புத்தகத்தை நினைவில் வைத்திருப்பவருக்கு இத்தகைய கேள்விகள்தான் கடினம். ஒன்றுமே தெரியாதவர் எளிதில் கற்றுவிடுவார். இந்த இடங்களில் செயலி தரும் விளக்கம் ஒரே வரி, அதுவும் விடையையே திருப்பிச் சொல்வது. ஆண்டுகளைக் கேட்கும் கேள்விகளுக்கு அந்த ஒரு வரியே போதும்: 1949 கூட்டாட்சிக் குடியரசு, 1953 கிழக்கில் எழுச்சி, 1961 பெர்லின் சுவர் எழுந்தது, 1989 திறந்தது, 1990 இணைப்பு. ஒரு தாளில் வரிசையாக எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினால் வேலை முடிந்தது.

செயலியில் நல்லவையும் இருக்கின்றன. இணையம் இல்லாமலும் இயங்குவதால் கிருஷ்ணகிரி–ஓசூர் பேருந்தில் தடையின்றிப் படிக்க முடிந்தது. அரசுச் சின்னத்தை அடையாளம் காட்டச் சொல்லும் படக் கேள்விகள் தெளிவாகத் தெரிகின்றன. கேள்வியை ஜெர்மன் மொழியில் வாசித்துக் காட்டும் குரலும் நிதானமானது. நீண்ட கேள்விகளில் என் வாசிப்பு வேகம் கூடியதற்கு அந்தக் குரலே காரணம்.

இவ்வளவும் சொன்ன பிறகும், பாதி விலைக்கும் வேண்டாம் என்றே நண்பருக்கு எழுதினேன். குரலுக்காக வாங்கலாமே என்று அவர் திருப்பிக் கேட்டார்; அந்தப் பச்சைக் கோட்டை நீக்கிவிட்டால் முழு விலைக்கும் வாங்கச் சொல்வேன் என்றேன். என் பேச்சைக் கேளாமல் வாங்குவதானால், தம்பி முதலில் அமைப்புகளுக்குள் போய் மாநிலத்தைப் பவேரியா என்று மாற்றிக்கொள்ளட்டும். என் செயலியில் பெர்லின் தானாகவே தேர்வாகியிருந்தது. அதை அப்படியே விட்டால் தேர்வில் வராத பத்துக் கேள்விகளைப் படித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான், அவற்றுக்கும் கோடு பச்சையாகவே நீளும்.