மாதிரி வராத அழைப்பிதழ்: திரும்பக் கேட்பதா, பழைய மேட்டரை எடுப்பதா, இரண்டு தொடக்கங்களை அனுப்புவதா?

திருமண அழைப்பிதழ் எழுதித் தரும் அச்சகங்களுக்கு அடிக்கடி வரும் செய்தி இது: "அனுப்பியிருக்கும் பத்திரிகையில் உள்ளது போலவே எழுதித் தாருங்கள். பெயர்களும் முகூர்த்த நேரமும் கீழே." பெயர்கள் வந்திருக்கும், நேரம் வந்திருக்கும், மண்டபத்துக்கு எந்த பஸ் போகும் என்பதுகூட வந்திருக்கும். அந்தப் பழைய பத்திரிகையின் படம் மட்டும் வந்திருக்காது. அனுப்பியவரோ அனுப்பிவிட்டதாக நம்பி அடுத்த வேலைக்குப் போயிருப்பார்.

அப்போது செய்யக்கூடியவை மூன்று. படம் வரவில்லை என்று சொல்லிக் காத்திருக்கலாம். கணினியில் கிடக்கும் பழைய மேட்டரை எடுத்துப் பெயர்களை மாற்றி அனுப்பலாம். அல்லது, இரண்டு நடைகளில் நான்கு நான்கு வரிகள் எழுதி அனுப்பி, எது வேண்டும் என்று கேட்கலாம். மூன்றையும் செய்து பார்த்துவிட்டு நான் இப்போது மூன்றாவதில்தான் நிற்கிறேன்.

திரும்பக் கேட்பதில் தவறே இல்லை. நாள் நிறைய இருந்தால் அதுதான் முறை. ஆனால் கேட்பவரிடம் அந்தப் பத்திரிகை பெரும்பாலும் இருப்பதில்லை. மூன்று வருடத்துக்கு முன் நடந்த பெரியப்பா மகள் கல்யாணப் பத்திரிகையாக இருக்கும்; அது வேறு ஊரில் யாரோ ஒருவரின் பீரோவில் இருக்கும். தேடி எடுத்து அனுப்பினாலும் பிள்ளையார் படம் போட்ட மேலட்டையைத்தான் படம் எடுத்து அனுப்புவார்கள். நமக்கு வேண்டியது உள்பக்கம். ஆகவே கேட்பதானால், "உள்பக்கத்தை மடிப்பு விரித்து, நேர் மேலிருந்து, வெளிச்சத்தில் எடுத்து அனுப்புங்கள்" என்று முழுமையாகக் கேட்க வேண்டும். வெறும் "படம் வரவில்லை" என்ற பதிலுக்கு மேலட்டைதான் வரும்.

பழைய மேட்டர் விரைவானது. அரை மணி நேரத்தில் புரூஃப் போய்விடும். அதன் ஆபத்தும் அந்த வேகத்திலேயே இருக்கிறது. கட்டம் கட்டி, முடிந்த வேலை போலத் தோன்றும் ஒரு புரூஃபைப் பார்த்தால் எல்லோரும் தங்கள் பெயரை மட்டுமே தேடுவார்கள். இனிஷியல் சரியா, படிப்பு விட்டுப்போயிற்றா என்று பார்ப்பார்கள். நடை தங்களுடையது இல்லை என்பது நான்காம் நாள், தாத்தா கையில் போன பிறகுதான் தெரியவரும். பழைய மண்டபத்தின் பெயர் ஒரு மூலையில் மாறாமல் கிடப்பது தனிக் கதை.

மூன்றாவது வழிக்கு நான் சாய்வதன் காரணம் ஒன்றுதான்: நடையைப் பிறகு மாற்றுவது மிகவும் செலவான வேலை. ஏன் என்று புரிய, ஒரே முகூர்த்தத்தை இரண்டு விதமாக எழுதிப் பார்க்கலாம்.

"நிகழும் மங்களகரமான விசுவாவசு வருடம் ஆவணி மாதம் 12ஆம் தேதி (28.8.2025) வியாழக்கிழமை, வளர்பிறை பஞ்சமி திதி கூடிய சுபயோக சுபதினத்தில், காலை 7.30 மணிக்கு மேல் 9 மணிக்குள் கன்னி லக்னத்தில், எனது ஜேஷ்ட குமாரன் சிரஞ்சீவி..."

இது ஒன்று. மற்றது:

"திருவள்ளுவர் ஆண்டு 2056, ஆவணித் திங்கள் 12ஆம் நாள் (28.8.2025) வியாழக்கிழமை காலை 7.30 மணிக்கு நடைபெறும் வாழ்க்கை இணையேற்பு விழாவுக்கு, மணமக்களின் பெற்றோராகிய நாங்கள்..."

மேலோட்டமாகப் பார்த்தால் சில வடசொற்களை நீக்கித் தமிழ்ச் சொற்களைப் போட்டது போல இருக்கும். கிட்டத்தில் பார்த்தால் கட்டுமானமே வேறு. முதலாவதில் தேதியில் தொடங்கும் வாக்கியம் இரண்டு குடும்பத்துப் பெயர்களையும் தாண்டி, பெரியோர்கள் நிச்சயித்ததைச் சொல்லி, "வந்திருந்து ஆசீர்வதிக்க வேண்டுகிறேன்" என்ற வினையில்தான் முடிகிறது. பேசுகிறவர் ஒருவர், பெரும்பாலும் தந்தை. "எனது குமாரன்" என்பதும் கடைசியில் வரும் "வேண்டுகிறேன்" என்பதும் அவருடைய குரல். இரண்டாவதில் இரு வீட்டுப் பெற்றோரும் சேர்ந்து பேசுகிறார்கள். சில குடும்பங்களில் மணமக்களே அழைக்கிறார்கள். லக்னமும் திதியும் இல்லாததால் நேரம் எழுதும் விதம் மாறுகிறது. 1967ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் சுயமரியாதைத் திருமணங்களுக்கு ஏற்பு தந்ததற்கு முன்பிருந்தே இந்த நடை புழக்கத்தில் இருக்கிறது. இதைக் கேட்கும் வீடுகள் அதில் விட்டுக்கொடுப்பதில்லை.

ஆகவே புரூஃப் திருத்தம் முடிந்தபின் நடை மாறினால், நாலு சொல்லைத் தட்டுவதோடு வேலை முடியாது. பேசுபவர் மாறுவார், ஒருமை பன்மையாகும், பெயருக்குப் பின்னால் வரும் வேற்றுமை உருபுகள் எல்லாம் மாறும், பெயர்களின் வரிசையும் நகரும். ஏற்கெனவே சரிபார்த்த இருபது முப்பது பெயர்களை இரண்டு வீட்டாரும் மறுபடி படிக்க வேண்டும். அச்சடித்த பின் கண்ணில் படும் பிழைகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் சுற்றில்தான் நுழைகின்றன. முதல் சுற்றில் கவனமாகப் படித்தவர் இரண்டாம் சுற்றில் படிப்பதே இல்லை; "அன்றைக்கே பார்த்துவிட்டேனே" என்பார். பிறகு ஐந்நூறு பத்திரிகையிலும் சிறு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், அல்லது திரும்ப அடிக்க வேண்டும்.

அதனால் நான் அனுப்பும் இரண்டு தொடக்கங்களிலும் குடும்பப் பெயர்களைப் போடுவதில்லை. பெயர் இருந்தால் கண் அங்கே போய்விடும். வரிகளுக்குக் கீழே, அழைப்பவர் யார், முதலில் வரவேண்டிய பெயர் எது, கடைசியாகக் கையெழுத்துப் போட்டு அச்சுக்கு அனுப்பச் சொல்பவர் யார் என்று கேட்பேன்.

அண்மையில் ஒரு மணப்பெண்ணின் அண்ணனுக்கு இப்படி அனுப்பியபோது அன்று மாலையே பதில் வந்தது: "முதலாவதுதான் அண்ணா. ஆனால் சிரஞ்சீவி, சௌபாக்கியவதி வேண்டாம். திருநிறைச்செல்வன், திருநிறைச்செல்வி என்று போடுங்கள். லக்னம் கட்டாயம் இருக்கட்டும். தாத்தாதான் அழைக்கிறார்." இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் வீட்டு நடை இரண்டுக்கும் நடுவில் இருந்தது என்பது. "எந்த மாதிரி வேண்டும்?" என்று வெறுமனே கேட்டிருந்தால் "வழக்கமாகப் போடுவதுதான்" என்றிருப்பார். எதிரில் வரிகள் இருந்ததால் எது பிடிக்கவில்லை என்று அவரால் சொல்ல முடிந்தது. தாத்தா அழைப்பதால் "எனது பேத்தி" என்று எழுத வேண்டும் என்பதும் முதல் நாளே தெளிவாகிவிட்டது.

இந்த வழி எட்டாத இடங்களும் உண்டு. அதே வீட்டின் பழைய பத்திரிகை பின்னர் வந்து சேர்ந்தபோது, அடியில் தாய்மாமன்மாருக்குத் தனி வரியும் "தங்கள் நல்வரவை விரும்பும்" என்ற பட்டியலுக்குத் தனி ஒழுங்கும் இருந்தன. நான்கு வரித் தொடக்கம் நடையைக் காட்டும். பட்டியலின் ஒழுங்கைக் காட்டாது. அதற்கு மாதிரியே வேண்டும். தேவாலயத் திருமண அழைப்பிதழ்கள் நான் அதிகம் எழுதியதில்லை. வசனத் தேர்வும் ஆராதனை நடத்துபவரின் பட்டமும் சபைக்குச் சபை வேறுபடுவதால், அங்கே இரண்டு தொடக்கம் அனுப்புவதைவிடக் காத்திருப்பதே மேல் என்று தோன்றுகிறது.

இதற்குக் கூடுதலாக ஆகும் செலவு அரை மணி நேரம். அதைக் கட்டணத்தில் தனியாகச் சேர்ப்பதில்லை. ஆனால் தொடக்கத்தைத் தேர்ந்தெடுத்த பின் நடையை மாற்றச் சொன்னால் மறு எழுத்துக்குத் தனிக் கட்டணம் என்பதை அந்த முதல் செய்தியிலேயே எழுதிவிடுகிறேன். மாதிரிப் படம் பிறகு வந்தாலும் வாங்கி வைத்துக்கொள்கிறேன்; தாய்மாமன் வரிக்கு அது தேவைப்படும்.