பிஎஸ்4 டிஸ்க் எரர் எண்டு கடைக்குக் குடுக்கப் போற ஆக்கள் ஒருக்கா இதை வாசிச்சிட்டுப் போங்கோ, எனக்கு 18,500 ரூபா போச்சு

கோவத்தில எழுதுறன், எழுத்துப்பிழை பாக்காதேங்கோ. கிளிநொச்சிப் பக்கம் போனும் கேம் கொன்சோலும் திருத்துற ஒரு கடை, பேர் சொல்லேல்ல, சொன்னா அது பிறகு வேற பிரச்சினை. அங்க 18,500 ரூபா குடுத்துப்போட்டு வந்திருக்கிறன், பிழை அப்பிடியே கிடக்கு, அதோட தம்பியின்ர சேவ் முழுக்க அழிஞ்சு போச்சு.

எங்கட பிஎஸ்4 மாமா பிரான்ஸால வரேக்க கொண்டுவந்தது, பழைய மொடல், 500 ஜிபி. தம்பி ஆரோ ஒரு பெடியனிட்ட பாவிச்ச கால்பந்து கேம் டிஸ்க் ஒண்டு வாங்கினவன். போட்டா இன்ஸ்டோல் தொடங்கும், அரைவாசி தாண்டினாப்பிறகு கோடு நகராம நிக்கும், கொஞ்சத்தால டிஸ்க்கை வாசிக்க ஏலாது எண்டு காட்டும். அழிச்சுப்போட்டுத் திரும்பப் போட்டாலும் கிட்டத்தட்ட அதே இடத்திலதான் நிக்கும். வீட்டில கிடந்த மற்ற டிஸ்க் எல்லாம் ஒரு குறையுமில்லாம ஓடினது. இதைக் கடையில வாயைத் திறந்த உடனயே சொன்னன், கேட்டுத் தலையாட்டினவர்.

அந்த அண்ணை இருந்த இருப்பைப் பாத்தா ஆரும் நம்புவினம். டிஸ்க்கை டியூப் லைட்டுக்கு நேர பிடிச்சு அப்பிடி இப்பிடித் திருப்பிப் பாத்தார், விளிம்புப் பக்கம் வட்டமா ஒரு கீறல் இருந்தது, அது எனக்கே தெரிஞ்சது, அவர் அதைப் பத்தி ஒரு கதையும் கதைக்கேல்ல. "லேசர் மங்கிப்போச்சு தம்பி, மாத்தோணும். டேட்டாபேஸையும் ஒருக்கா புதுசாக் கட்டிவிடுறன், சேவ் ஒண்டும் போகாது, பயப்பிடாதேங்கோ" எண்டார். சேவ் போகாது எண்டு அவரே வாயால சொன்னவர், நான் கேக்கக்கூட இல்லை. 18,500 எண்டார், குறைக்கச் சொல்லிப் பாத்தன், சாமான் கொழும்பால வரவேணும் எண்டார், சரி எண்டு முழுக்காசும் குடுத்தன்.

திருப்பி எடுத்துக்கொண்டு பரந்தனால சுத்தி பஸ்ஸில புதுக்குடியிருப்புக்கு வந்து டிவியில கொழுவினா, கொன்ட்ரோலரை கேபிளால இணைக்கச் சொல்லுது, பிறகு மொழி தெரிவு செய்யச் சொல்லுது. கொன்சோலை முழுசா வெறுமையாக்கினாத்தான் அந்தத் திரை வரும். தம்பியின்ர அக்கவுண்ட் இல்லை, கேம் இல்லை, சேவ் இல்லை, அவன் ரெண்டு சீசன் விளையாடி வைச்சிருந்த கரியர் இல்லை. அவன் ஒண்டும் கதைக்காம எழும்பிப் போட்டான். சரி கேமாவது ஏறுதோ பாப்பம் எண்டு அதே டிஸ்க்கைப் போட்டன், அதே இடத்தில நிண்டுது!! பின்பக்கத்தைத் திருப்பிப் பாத்தா ஸ்க்ரூவுக்கு மேல கொம்பனி ஒட்டின ஸ்டிக்கர் நகம் படாம அப்பிடியே இருக்கு. அதைக் கிழிக்காம மூடியைக் கழட்டவே ஏலாது, பிறகு லேசரை எந்த வழியால மாத்தினவங்கள்?

கோல் எடுத்தா முதல் "அப்டேட் செய்யுங்கோ சரியாகும்" எண்டார். பிறகு "உங்கட பக்கம் கரண்ட் போய்ப் போய் வாறதால ஹாட்டிஸ்க் அடிபட்டிருக்கும்" எண்டார். ஸ்டிக்கர் கதையை எடுத்த உடன "நான் வேலையில நிக்கிறன், முதலாளியோட கதையுங்கோ", முதலாளி எப்பவும் கொழும்பில. நேர போனா கவுண்டரில வேற ஒரு பெடியன், "பில்லில சேர்விஸ் எண்டுதானே அண்ணா இருக்கு, லேசர் எண்டு இல்லையே" எண்டு என்ர பில்லையே எனக்குக் காட்டுறான். 18,500 ரூபாவுக்கு சேர்விஸ்!

பிறகு வவுனியாவில மச்சான் ஒராள் அதே கேமின்ர டிஸ்க்கைத் தந்தான். போட்டன், நிண்ட இடத்தைத் தாண்டி ஓடினது. அப்ப பிழை முழுக்க டிஸ்க்கிலதான். ஆனா அது ஓடிக்கொண்டிருக்கேக்க கரண்ட் போட்டுது, எங்கட ஊரில வேற என்ன. கரண்ட் வந்து போட்டா கேம் ஐகன் சாம்பலா நிக்குது, இன்ஸ்டோலும் நகருதில்லை, அழிக்கப் போனாலும் அழியுதில்லை. டேட்டாபேஸ் திரும்பக் கட்டுற வேலை உண்மையில இப்பிடியான இடத்துக்குத்தான். வீட்டில சாமான் எல்லாம் கிடக்கு, எது எங்க கிடக்கு எண்டு எழுதி வைச்ச கொப்பிதான் குழம்பிப்போச்சு, அந்தக் கொப்பியைப் புதுசா எழுதுறது மாதிரி. டிஸ்க்கில கீறல் எண்டாலோ லேசர் செத்திட்டுது எண்டாலோ அது ஒண்டும் செய்யாது.

அதை நானே செய்தன், ஒரு சதமும் செலவில்லை. ரெஸ்ட் மோட்டில விடாம முழுசா நிப்பாட்டி, லைட் அணையுமட்டும் பொறுத்து, பவர் பட்டனை அமத்திப் பிடிச்சா ஒரு பீப் கேக்கும், கையை எடுக்காம ஒரு 7 செக்கன் பிடிச்சா ரெண்டாவது பீப், அப்ப விடுங்கோ. கொன்ட்ரோலரை கேபிளால கொழுவி நடுவில இருக்கிற பிஎஸ் பட்டனை அமத்தோணும், சார்ஜ் மட்டும் ஏறுற கேபிள் எண்டா வேலை செய்யாது, நான் அதில கொஞ்ச நேரம் மினக்கெட்டன். சேஃப் மோட் மெனு வரும். அதில ஐஞ்சாவது Rebuild Database. அதுக்கு நேர கீழ ஆறாவது Initialize PS4, அது எல்லாத்தையும் அழிக்கும், ஏழாவது சொவ்ட்வெயாரையும் சேத்து அழிக்கும். கடைக்காரன் ஐஞ்சு எண்டு சொல்லிப்போட்டு ஆறையோ ஏழையோ அமத்தியிருக்கிறான், அதுக்குத்தான் என்ர 18,500.

ஐஞ்சைக் குடுத்தா கேமும் சேவும் அழியாது, முகப்பில ஐகன் கிடந்த ஒழுங்கு மட்டும் மாறலாம். என்ர ஹாட்டிஸ்க் வெறுமையா இருந்ததால கெதியா முடிஞ்சுது, நிரம்பின ஹாட்டிஸ்க் எண்டா மணித்தியாலக் கணக்கா ஓடும், அதுக்கிடையில கரண்ட் போகக்கூடாது, யூபிஎஸ் இருக்கிற வீட்டில கொண்டுபோய்ச் செய்தாலும் பிழையில்லை. முடிய ஐகனை அழிச்சுப்போட்டு, இன்ரநெட்டை நிப்பாட்டி, டிஸ்க்கை மட்டும் போட்டு ஏத்தினன். அப்டேட்டும் சேந்து இறங்கினா எதில சிக்குதெண்டே விளங்காது. இப்ப ஓடுது, சேவ்தான் இல்லை.

விளக்கமா எழுத நினைச்சன், தம்பியின்ர முகத்தைப் பாத்தா எழுத மனமில்லை, அவசரத்துக்கு இவ்வளவுதான். கடைக்குக் குடுக்க முதல், டேட்டாபேஸில கை வைக்க முதலும்தான், சேவ் எல்லாத்தையும் பென்டிரைவில எடுத்துப்போடுங்கோ. Settings, Application Saved Data Management, Saved Data in System Storage, Copy to USB Storage Device, பென்டிரைவ் FAT32 இல்லாட்டி exFAT ஆ இருக்கோணும். ஒரு டிஸ்க் மட்டும் ஒரே இடத்தில நிண்டா கொன்சோலைக் குடுக்காதேங்கோ, வேற டிஸ்க் இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கோ, ஒரு டிஸ்க்கும் எடுபடாட்டித்தான் லேசர், டிரைவ் கதை. டேட்டாபேஸ் கட்டுறதே முடியாம திரும்பத் திரும்ப நிண்டா ஹாட்டிஸ்க்கைச் சந்தேகப்படுங்கோ, அதுக்காக ஆறாவதை அமத்தாதேங்கோ. லேசர் மாத்தினது எண்டு ஆராவது காசு கேட்டா பில்லில லேசர் எண்டே எழுத வையுங்கோ, கழட்டின பழைய லேசரையும் கையில வாங்கிக்கொண்டுதான் காசைக் குடுங்கோ.