திகதிப் பிழையைச் சாட்போட்டிடம் விவரித்தல்: நிலாவெளிப் படகுப் பதிவேடு தந்த அனுபவம்

திருகோணமலையில் சிறு விடுதிகளுக்கும் படகு ஓட்டுவோருக்கும் கணக்கு நிரல்களை எழுதிப் பராமரித்து வருகிறேன். அந்த நிரல்களில் வரும் வழுக்களைத் திருத்துவதற்குச் சில ஆண்டுகளாகவே சாட்போட்களைப் பயன்படுத்துகிறேன். பிழைச்செய்தி, நிரல், எதிர்பார்த்த விளைவு ஆகிய மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால்தான் கிடைக்கும் திருத்தத்தை நம்பிப் பயன்படுத்த முடிகிறது. என்னோடு வேலை செய்வோர் முதல் இரண்டையும் ஒட்டிவிடுகிறார்கள், மூன்றாவதைத்தான் விட்டுவிடுகிறார்கள். அதை விட்டால் என்ன நடக்கும் என்பதை ஒரே ஒரு வழுவை வைத்து விளக்க விரும்புகிறேன்.

நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குச் செல்லும் பயணிகளின் எண்ணிக்கையை மாதவாரியாகக் கூட்டித் தரும் ஒரு சிறு பைதன் நிரல் அது. பதிவேட்டில் திகதிகள் நம் வழக்கப்படி நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் இருந்தன. சாட்போட்டிடம் கொடுப்பதற்காகப் பயணிகளின் பெயர்களையும் கடவுச்சீட்டு எண்களையும் நீக்கி, வழுவை மீண்டும் வரவழைக்கப் போதுமான நான்கு வரிகளை மட்டும் வைத்துக்கொண்டோம்.

```
date,guests
03/04/2024,6
13/04/2024,8
05/04/2024,4
02/05/2024,5
```

நிரலின் தேவையான பகுதி இவ்வளவுதான்:

```python
import pandas as pd
df = pd.read_csv("trips.csv")
df["date"] = pd.to_datetime(df["date"])
print(df.groupby(df["date"].dt.month)["guests"].sum())
```

இதை ஓட்டியபோது வந்த பிழைச்செய்தியின் முக்கிய வரி இது:

```
ValueError: time data "13/04/2024" doesn't match format "%m/%d/%Y", at position 1
```

விடுதியில் கணக்குப் பார்க்கும் தம்பி, “திகதியில் பிழை வருகிறது, திருத்தித் தரவும்” என்று மட்டும் எழுதி நிரலை ஒட்டியிருந்தார். வந்த திருத்தம் `errors="coerce"` என்பதைச் சேர்க்கச் சொன்னது. பிழை உடனே மறைந்தது. ஆனால் இந்தக் கட்டளையின் வேலை, படிக்க முடியாத திகதியை வெற்றிடமாக்கிவிட்டு மேலே செல்வதுதான். பதின்மூன்றாம் திகதி வந்த எட்டுப் பேரும் கணக்கிலிருந்தே காணாமற்போனார்கள். மொத்தம் 23 இருக்க வேண்டிய இடத்தில் 15 வந்தது.

அடுத்து அவர் பிழைச்செய்தியை முழுமையாக ஒட்டினார். இதனால் ஓரளவு முன்னேற்றம் இருந்தாலும் புதிய ஆபத்து ஒன்றும் வந்து சேர்ந்தது. அட்டவணைத் தரவைக் கையாள நிரல் பயன்படுத்தும் `pandas` நூலகம் தரும் அந்தச் செய்தியின் பிற்பகுதியிலேயே, திகதிகள் பல வடிவங்களில் இருந்தால் `format="mixed"` என்று கொடுத்துப் பார்க்கலாம் என்ற ஆலோசனையும் இருக்கிறது. சாட்போட் அதையே திருத்தமாகத் தந்தது. ஒவ்வொரு திகதியையும் தனித்தனியே ஊகிக்கும் இந்த முறையில், 13/04 என்பதில் பதின்மூன்றாவது மாதம் இல்லாததால் அது ஏப்ரலாகச் சரியாகப் படிக்கப்படுகிறது. 03/04 என்பதோ மார்ச் 4 ஆகிவிடுகிறது. விளைவு பெப்ரவரிக்கு 5, மார்ச்சுக்கு 6, ஏப்ரலுக்கு 8, மே மாதத்துக்கு 4 என்று வந்தது. கூட்டுத்தொகை 23 சரியாகவே இருப்பதால், மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. வாடைக்காற்று ஓய்ந்து பயணப் பருவம் தொடங்கும் முன்பே பெப்ரவரியில் பயணிகள் எப்படி வந்தார்கள் என்று அந்தத் தம்பி கேட்டதால்தான் இது வெளிப்பட்டது. பிழைச்செய்தியோடு நிற்கும் வழுவை விட, செய்தி எதுவும் இல்லாமல் பிழையான எண்ணைத் தரும் நிரலைக் கண்டு நான் அதிகம் அஞ்சுகிறேன்.

மூன்றாவது முறை நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதிய விவரிப்பைச் சுருக்காமல் தருகிறேன்: “பைதன் 3.11, பாண்டாஸ் 2.1 பயன்படுத்துகிறோம். கீழே நான்கு வரித் தரவும் நிரலும் முழுப் பிழைச்செய்தியும் உள்ளன. எல்லாத் திகதிகளும் நாள்/மாதம்/ஆண்டு வரிசையில் உள்ளன. 03/04/2024 என்பது ஏப்ரல் 3. எனவே ஏப்ரலுக்கு 18, மே மாதத்துக்கு 5 என்று மட்டுமே விளைவு வர வேண்டும், வேறு மாதங்கள் வரக் கூடாது. எந்த வரியையும் விட்டுவிடக் கூடாது. வடிவம் மாறிய திகதி பின்னர் வந்தால் நிரல் பிழை காட்டி நிற்க வேண்டும். மாற்ற வேண்டிய வரியை மட்டும் தந்து காரணத்தை விளக்கவும்.”

வந்த திருத்தம் ஒரே வரி:

```python
df["date"] = pd.to_datetime(df["date"], format="%d/%m/%Y")
```

காரணமும் சரியாகவே சொல்லப்பட்டிருந்தது. வடிவத்தை நாம் குறிப்பிடாவிட்டால் `pandas` முதல் திகதியைப் பார்த்து வடிவத்தை ஊகிக்கிறது; 03/04 என்பதை மாதம் முதலில் வரும் அமெரிக்க வழக்கப்படி எடுத்துக்கொண்டு, அதே வடிவத்தை அடுத்த வரிக்கும் பொருத்தும்போது 13 இல் தடுமாறுகிறது. முதல் வரி 13/04 ஆக இருந்திருந்தால் இந்த வழு தலைகாட்டியே இருக்காது. சில மாதக் கோப்புகளில் நிரல் சரியாக ஓடியதற்கும் சிலவற்றில் நின்றதற்கும் இதுவே காரணம்.

பதிப்பு எண்ணை எழுதியதும் வீணாகவில்லை. முதல் திகதியின் வடிவத்தையே எல்லா வரிகளுக்கும் கட்டாயமாக்கும் நடைமுறை 2023 இல் வந்த `pandas` 2.0 பதிப்பிலிருந்துதான் இருக்கிறது. அதற்கு முந்திய 1.5 இல் இதே நிரல் நிற்காமல் ஓடி, ஓர் எச்சரிக்கையை மட்டும் காட்டிவிட்டு, `mixed` தந்த அதே பிழையான எண்களைத் தந்துவிடும். விடுதியின் பழைய கணினியில் அதுதான் இருந்தது. அங்கே ஒட்டுவதற்குப் பிழைச்செய்தியே இல்லை. எதிர்பார்த்த விளைவு ஒன்றுதான் வழுவைச் சுட்டிக்காட்டும்.

எதிர்பார்த்த விளைவை எழுதும்போது நான் கடைப்பிடிப்பது ஒன்றே: கையால் கூட்டிச் சரிபார்க்கக்கூடிய எண்ணாக அது இருக்க வேண்டும். “சரியான மாதக் கணக்கு வேண்டும்” என்று எழுதினால் எந்த விடையும் அதற்குப் பொருந்திவிடும். “ஏப்ரலுக்கு 18” என்று எழுதினால் பொருந்தாத திருத்தம் அங்கேயே தெரிந்துவிடும். கிடைத்த வரியை நான்கு வரித் தரவில் ஓட்டி 18, 5 என்று பார்த்த பின்னரே முழுப் பதிவேட்டில் போடுவேன். அதன் பின்னும் திகதி வெற்றிடமாக உள்ள வரிகளை `df["date"].isna().sum()` கொண்டு எண்ணிப் பார்ப்பேன். மூலக் கோப்பிலேயே திகதி எழுதாமல் விடப்பட்ட வரிகளை வடிவக் கட்டுப்பாடு பிடிப்பதில்லை.

எவ்வளவு நன்றாக விவரித்தாலும் சாட்போட் நம் கோப்பைப் பார்ப்பதில்லை. நாம் ஒட்டிய நான்கு வரிகளைத்தான் பார்க்கிறது. அமெரிக்கத் திகதி அமைப்பில் உள்ள ஒரு கணினியில் யாரேனும் பதிவேட்டை எக்செலில் திறந்து எக்செல் கோப்பாகச் சேமித்திருந்தால், 03/04 அங்கேயே மார்ச் 4 ஆக மாறியிருக்கும். 13/04 மட்டும் வெறும் எழுத்தாக அப்படியே நிற்கும். அத்தகைய கோப்பை மேலே உள்ள ஒரு வரித் திருத்தம் சீர்செய்யாது. நிரலைத் தொடுமுன் எக்செலில் திகதிகள் உள்ள நெடுவரிசையைப் பார்த்தால் இதை அறியலாம்: இடவலச் சீரமைப்பை நாமாக மாற்றாதவரை, எக்செல் திகதியாக ஏற்றுக்கொண்டவை கட்டத்தின் வலப்பக்கமும் எழுத்தாகவே விட்டவை இடப்பக்கமும் ஒட்டி நிற்கும். இரண்டும் கலந்திருக்கக் கண்டால், சாட்போட்டிடம் போகாமல் விடுதிக்கு அழைத்து மூலப் பதிவேட்டைக் கேட்டு வாங்குகிறேன்.